ப்ளூடூத் பாட்டு ஏன் விட்டுவிட்டு வருகிறது? வைஃபையோடு நடக்கும் மோதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எங்க அபார்ட்மென்ட்ல வைஃபை லிஸ்ட்டைத் திறந்தா முப்பது பேர் தெரியுது. அதனாலதான் என் ஹெட்செட் கட் ஆகுதா?"

அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் முதல் காரணம் அது இல்லை. லேப்டாப்பிலோ போனிலோ ப்ளூடூத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும் உங்களுடைய சொந்த வைஃபைதான் அதிகத் தொல்லை கொடுக்கிறது. அது 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா, 5-இல் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 2.4-இல் இருந்தால் 5-க்கு மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எதையும் மாற்றாமலேயே பலருக்குப் பிரச்சினை இதோடு முடிந்துவிடும். முடியாதவர்களுக்கு மிச்சக் காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

"இவ்வளவு பெரிய ரேடியோ அலைவரிசை இருக்கும்போது ரெண்டும் ஏன் ஒரே இடத்துல வந்து மாட்டிச்சு?"

இரண்டும் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி, உரிமம் வாங்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்று கிட்டத்தட்ட எல்லா நாடுகளிலும் விட்டுவைத்திருக்கும் இடம். 2400-இலிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம். மைக்ரோவேவ் அடுப்பு, தொழிற்சாலைச் சூடேற்றும் கருவிகள் போன்றவற்றுக்காக ஒதுக்கிய இடத்தில், 1985-இல் அமெரிக்கா உரிமமில்லாத் தகவல் தொடர்புக்கும் வழி திறந்துவிட்டது. மற்ற நாடுகளும் பின்னால் வந்தன. ஒரே சிப்பைச் செய்து சென்னையிலும் சிங்கப்பூரிலும் டொரோன்டோவிலும் விற்க முடியும் என்றால் எந்தக் கம்பெனிதான் விடும்? வைஃபை வந்தது, ப்ளூடூத் வந்தது, வயர்லெஸ் மவுஸ், ஸ்மார்ட் பல்பு, சிசிடிவி கேமரா என்று வரிசையாக வந்து உட்கார்ந்தன.

வைஃபை பின்னாளில் 5 கிகாஹெர்ட்ஸிலும் இடம் பிடித்துக்கொண்டது. நம் கையில் இருக்கும் ப்ளூடூத் கருவிகள் எல்லாம் இன்னும் 2.4-இல்தான் ஓடுகின்றன. ஆகவே இடம் மாற முடிந்தது வைஃபைதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதித் தீர்வுகள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

"ப்ளூடூத் சேனல் விட்டு சேனல் தாவிக்கிட்டே இருக்கும்னு படிச்சேனே. அப்புறம் எப்படி மாட்டுது?"

தாவுவது உண்மைதான். பாட்டு கேட்கப் பயன்படும் வழக்கமான ப்ளூடூத், இந்த இடத்தை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 சேனல்களாகப் பிரித்து, விநாடிக்கு 1600 முறை வரை தாவும். ஒரு சேனலில் தங்கும் நேரக் கூறு 625 மைக்ரோ விநாடி. பெரிய தகவல் பொட்டலம் அனுப்பும்போது ஐந்து கூறுகள் வரை ஒரே சேனலில் இருந்துவிட்டு அப்புறம் தாவும்.

2003-இல் வந்த ப்ளூடூத் 1.2-இலிருந்து கூடுதலாக ஒரு புத்தியும் சேர்ந்தது. எந்தச் சேனல்களில் பொட்டலங்கள் அடிக்கடி கெடுகின்றன என்று கணக்கு வைத்துக்கொண்டு, அவற்றைத் தாவல் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். பக்கத்தில் ஒரே ஒரு வைஃபை ஓடினால் இது அருமையாக வேலை செய்யும். ஒரு வைஃபை சேனல் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். அந்த இருபதைத் தவிர்த்துவிட்டாலும் ப்ளூடூத்துக்கு ஏறக்குறைய அறுபது சேனல்கள் மிஞ்சும்.

இப்போது உங்கள் அபார்ட்மென்டைப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று விழாத வைஃபை சேனல்கள் என்று 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான் சொல்வார்கள். சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது மூன்றும் நிரம்பியிருந்தால், 79-இல் 60 போய்விடும். மிச்சம் 19. ஆனால் தாவல் பட்டியலில் குறைந்தது 20 சேனல்களாவது இருக்க வேண்டும் என்பது ப்ளூடூத் விதி. அதாவது, சுத்தமான சேனல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓட வழியே இல்லை. கெட்ட சேனல்களிலும் கால் வைத்தாக வேண்டும். யாராவது ரூட்டரில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் போட்டிருந்தால் அந்த ஒருவரே பாதி இடத்தை எடுத்துக்கொள்வார்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வைஃபை பேசுவதற்கு முன்னால் காற்றைக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். வழக்கமான ப்ளூடூத் கேட்பதில்லை. தன் முறை வந்ததும் குறித்த மைக்ரோ விநாடியில் பேசிவிடும். ஆகவே மோதல் நடந்தே தீரும், கெட்ட பொட்டலத்தை ப்ளூடூத் மறுபடி அனுப்பும். மறுபடி அனுப்ப நேரம் இருக்கும்வரை உங்கள் காதுக்கு ஒன்றுமே தெரியாது. நேரம் தீர்ந்துபோனால்தான் பாட்டு அறுபடும். இந்த 'நேரம்' என்ற சரக்கு எங்கே செலவாகிறது என்று பார்ப்பதுதான் மொத்த விஷயமும்.

"சும்மா பாட்டு கேட்டா நல்லாத்தான் இருக்கு. லேப்டாப்ல பெரிய டவுன்லோடு போட்டா மட்டும் திக்குது. ரூட்டர் அடுத்த ரூம்லதான இருக்கு?"

ரூட்டர் தூரத்தில் இருக்கிறது, சரி. ஆனால் வைஃபையின் இன்னொரு முனை உங்கள் லேப்டாப்புக்குள் இருக்கிறதே! இன்றைய லேப்டாப், போன் எல்லாவற்றிலும் வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சிப்பில், ஒரே அட்டையில் இருக்கும். பல மாடல்களில் இரண்டுக்கும் ஆன்டெனாகூடப் பொதுதான்.

ஹெட்செட் அனுப்பும் சிக்னல் உங்கள் மேசையைத் தாண்டி லேப்டாப்புக்கு வந்து சேரும்போது ஒரு மில்லிவாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்திருக்கும். அதே நேரத்தில் சில சென்டிமீட்டர் தள்ளி, அதே லேப்டாப்பின் வைஃபை பல மில்லிவாட்டில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. காதுக்குப் பக்கத்தில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது, கூடத்தின் மறுகோடியில் இருப்பவர் கிசுகிசுத்தால் எப்படிக் கேட்கும்? வேறு சேனலில் இருந்தாலும் பயனில்லை. ரிசீவரே அமுங்கிப்போய்விடுவதால், சேனல் தாவும் புத்தி இங்கே கை கொடுக்காது.

அதனால் சிப் செய்தவர்கள் வேறு வழி வைத்தார்கள்: நேரத்தைப் பங்கு போடுவது. சிப்புக்குள் ஒரு நடுவர் சர்க்யூட் இருக்கிறது. "இந்தச் சில மில்லி விநாடி வைஃபைக்கு, அடுத்தது ப்ளூடூத்துக்கு" என்று அது மாற்றி மாற்றி விடும். சும்மா பாட்டு கேட்கும்போது வைஃபைக்கு அதிக வேலை இல்லை, ப்ளூடூத்துக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும். டவுன்லோடு ஓடும்போது இரண்டும் ஒரே நேரத்துக்குப் போட்டி போடும். அப்லோடு இன்னும் மோசம், ஏனென்றால் கத்துவதே உங்கள் லேப்டாப்தான். போட்டோக்கள் தானாகவே கிளவுடுக்கு ஏறும் நேரம், ஆபீஸ் ஃபோல்டர் சிங்க் ஆகும் நேரம், இவற்றைக் கவனித்துப் பாருங்கள். "காரணமே இல்லாமல் திக்குது" என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

இதற்கு ஒரு மறைமுக அடையாளமும் இருக்கிறது. வைஃபை 2.4-இல் இருக்கும்போது, ஹெட்செட்டில் பாட்டு ஓட விட்டு ஒரு ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். ப்ளூடூத்தை அணைத்துவிட்டு இன்னொன்று எடுங்கள். இரண்டாவதில் வேகம் நன்றாகக் கூடினால், இரண்டும் நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

"எனக்கு எது காரணம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரூட்டரை மாத்திப் பாத்தேன், ஹெட்செட்டை மாத்திப் பாத்தேன், காசுதான் போச்சு."

காசு செலவழிக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது. லேப்டாப்பிலேயே சேமித்து வைத்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஓடும் பாட்டு வேண்டாம். நெட் மெதுவாக இருந்து பாட்டு நின்றால் ப்ளூடூத் மேல் பழி விழும்.

முதலில், வழக்கமாகத் திக்கும் சூழ்நிலையை அப்படியே உண்டாக்குங்கள். பாட்டு ஓடட்டும், பக்கத்தில் ஒரு பெரிய ஃபைல் இறங்கட்டும். திக்குகிறதா? இப்போது லேப்டாப்பில் மட்டும் வைஃபையை அணையுங்கள், ரூட்டர் ஓடட்டும். சுத்தமாகிவிட்டால் குற்றவாளி லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை. வைஃபை அணைத்தும் திக்கினால் ரூட்டரின் மின்சாரத்தையும் நிறுத்திப் பாருங்கள். அப்போது சரியானால் ரூட்டர் மேசைக்கு மிக அருகில் இருக்கிறது அல்லது வீட்டில் வேறொருவர் அதில் பலமாக டவுன்லோடு செய்கிறார். அதற்கும் அசையவில்லையா? லேப்டாப்பில் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க், யூ.எஸ்.பி. ஹப் எல்லாவற்றையும் உருவிவிட்டுக் கேளுங்கள்.

வைஃபை எந்தப் பட்டையில் இருக்கிறது என்று பார்க்க, விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து இதை அடியுங்கள்:

```
netsh wlan show interfaces
```

வரும் பட்டியலில் `Channel` என்ற வரியைப் பாருங்கள். 1 முதல் 13-க்குள் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ். 36-ம் அதற்கு மேலும் என்றால் 5. லினக்ஸில் இது போதும்:

```
iw dev
```

அதில் `channel 6 (2437 MHz), width: 20 MHz` என்பது போல ஒரு வரி வரும். மேக்கில் ஆப்ஷன் பட்டனை அழுத்திக்கொண்டு மேலே இருக்கும் வைஃபை படத்தைத் தட்டினால் சேனல் தெரியும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் விவரப் பக்கத்தில் `Frequency` என்று இருக்கும்.

வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கும் ஒரு நண்பரின் மேசையில் இதை வரிசையாகச் செய்து பார்த்தோம். காலை மீட்டிங்குகளில் குரல் அறுந்து அறுந்து வந்தது. `Channel` வரியில் 6 என்று வந்தது. லேப்டாப்பின் வைஃபையை அணைத்ததும், சேமித்த பாட்டு ஏறக்குறைய சுத்தமாக ஓடியது. வைஃபையை 5-க்கு மாற்றினோம், `Channel` 44 ஆனது, மீட்டிங்கில் குரல் தேறியது. ஆனால் அவ்வப்போது ஒரு சின்ன 'கிரீச்' மட்டும் மிச்சம் இருந்தது. "மாற்றியும் பிரயோஜனம் இல்லை" என்று அவர் பழைய நெட்வொர்க்குக்கே திரும்பப் பார்த்தார். நல்லவேளையாக லேப்டாப்பின் இடது பக்கம் செருகியிருந்த ஹப்பையும் அதில் தொங்கிய ஹார்ட் டிஸ்கையும் உருவிப் பார்த்தோம். மிச்சச் சத்தமும் போய்விட்டது. இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. பெரியதைச் சரிசெய்த பிறகுதான் சின்னது காதுக்குத் தெரிந்தது. இந்த இடத்தில்தான் பலர் சரியான தீர்வைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஒரு மாற்றம் பாதி குணம் கொடுத்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த காரணத்தைத் தேடுங்கள்.

"ரூட்டர்ல பேருக்குப் பின்னாடி 5G-ன்னு இன்னொண்ணு தெரியுது. அதுக்கு மாறினா போதுமா?"

மாறுங்கள், முதல் வேலையாக. அந்த 5G-க்கும் மொபைல் 5ஜி-க்கும் சம்பந்தமில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை என்பதைத்தான் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பின் வைஃபை அங்கே போய்விட்டால் ப்ளூடூத் ரிசீவரை அது அமுக்காது. நேரத்தைப் பங்கு போட வேண்டிய அவசியமும் பெரும்பாலும் நீங்கிவிடும். அங்கே இடமும் தாராளம்: இந்தியாவில் 2018-இல் இந்தப் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமில்லாப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. 2.4-இல் இருப்பதைப் போல ஏழு மடங்குக்கு மேல்.

மாறியதும் அங்கேயே தங்குகிறதா என்று பாருங்கள், பலர் கோட்டை விடுவது இதில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும்போது அதிகமாக இளைத்துப்போகும். நம் ஊர்ச் செங்கல் சுவர் இரண்டைக் கடந்தால் சிக்னல் குறைந்து, லேப்டாப் சத்தம் போடாமல் 2.4-க்குத் திரும்பிவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் திரும்பியதே உங்களுக்குத் தெரியாது. ரூட்டர் அமைப்பில் `Smart Connect` அல்லது `Band Steering` என்று இருப்பதை அணைத்து, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். லேப்டாப்பிலும் போனிலும் 2.4 பெயரை `Forget` செய்துவிடுங்கள். விண்டோஸ் லேப்டாப்புகள் சிலவற்றில் டிவைஸ் மேனேஜருக்குள் வைஃபை அட்டையின் `Advanced` பகுதியில் `Preferred Band` என்று ஓர் அமைப்பு இருக்கும்; அதில் 5-ஐத் தேர்ந்தெடுக்கலாம்.

பல்பு, கேமரா, பழைய பிரிண்டர் போன்றவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அவை அங்கேயே இருக்கட்டும், அவற்றின் போக்குவரத்து குறைவு. எப்போதும் வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கும் கேமரா மட்டும் விதிவிலக்கு; முடிந்தால் அதற்குக் கேபிள் போடுவது நல்லது.

போன் ஹாட்ஸ்பாட்டுக்கும் இதே கதைதான். போனில் ஹாட்ஸ்பாட்டும் போட்டு, அதே போனில் இயர்பட்ஸும் மாட்டினால், இரண்டு ரேடியோவும் போனுக்குள்ளேயே மோதும். ஐபோனில் `Maximize Compatibility` என்பது ஆன் செய்திருந்தால் ஹாட்ஸ்பாட் 2.4-இல் ஓடும், அதை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் பேண்ட் தேர்வு இருக்கும்.

"எங்க ரூட்டர்ல 2.4 மட்டும்தான் இருக்கு. புதுசு வாங்க இப்போ முடியாது. வேற வழி?"

ரூட்டர் பக்கத்தில் மேசை இருந்தால் ஒரு லேன் கேபிள் போட்டு லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதைவிடவும் இது மேல்.

கேபிள் முடியாதென்றால் ரூட்டரில் `Channel Width` எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். `40 MHz` அல்லது `20/40 MHz` என்று இருந்தால் `20 MHz` ஆக்குங்கள். நெரிசலான கட்டடத்தில் 40 போட்டு உங்களுக்குப் பெரிய வேகம் கிடைக்கப்போவதில்லை. ப்ளூடூத்துக்குத்தான் இருபது சேனல் மிச்சமாகும். சேனலை 1, 6, 11-இல் ஒன்றாக வையுங்கள். 3, 4, 8 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்து வைஃபைகளோடும் உரசும், ப்ளூடூத் தப்பிக்க இருக்கும் இடைவெளிகளையும் அடைத்துவிடும். கூட்டம் குறைவான சேனலைக் காட்டும் வைஃபை அனலைசர் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆள் நடமாட்டம் உள்ள சாயங்கால நேரத்தில் பாருங்கள், பகல் பதினொரு மணிக்குப் பார்த்தால் எல்லாச் சேனலும் காலியாகத்தான் தெரியும்.

ரூட்டரை மேசையிலிருந்து ஓரிரு மீட்டராவது தள்ளி வையுங்கள். மீட்டிங் நேரத்தில் கிளவுட் சிங்கை நிறுத்தி வையுங்கள், அல்லது அந்தச் செயலியிலேயே அப்லோடு வேகத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள். வரம்பு போட்டால் வைஃபை காற்றை விட்டு இறங்கும் நேரம் கிடைக்கும், அந்த இடைவெளிதான் ப்ளூடூத்துக்குத் தேவை.

"எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மாட்டினா வயர்லெஸ் மவுஸ்கூட இழுக்குது. வைஃபைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

வைஃபைக்குச் சம்பந்தமில்லை, இது யூ.எஸ்.பி. 3-இன் வேலை. விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் அந்தச் சிக்னல் பரந்த ஒரு ரேடியோ இரைச்சலை உண்டாக்குகிறது. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஒரு அறிக்கை வெளியிட்டது. ப்ளூடூத் கேட்க வேண்டிய அதே இடத்தில் இரைச்சல் விழுவதால் ஃபில்டர் போட்டு நீக்க முடியாது. சுமாரான கேபிள், சரியாக மூடப்படாத கனெக்டர், மலிவான ஹப் இவற்றிலிருந்து அதிகமாகக் கசியும்.

அடையாளம் எளிது. லேப்டாப்பின் வைஃபையை அணைத்திருந்தாலும் டிஸ்க் செருகினால் திக்கும், உருவினால் நிற்கும். வைஃபையை 5-க்கு மாற்றினாலும் இது போகாது, ஏனென்றால் அடிபடுவது ப்ளூடூத்தின் காதே.

தீர்வு தூரம்தான். டிஸ்கையும் ஹப்பையும் நீளமான, நல்ல தரமான கேபிளில் லேப்டாப்பிலிருந்து விலக்கி வையுங்கள். ப்ளூடூத்தோ மவுஸோ யூ.எஸ்.பி. டாங்கிளில் ஓடினால், அந்த டாங்கிளை ஒரு மீட்டர் யூ.எஸ்.பி. 2 எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மேசைமேல் கொண்டுவந்துவிடுங்கள். நூறு ரூபாயோ இருநூறு ரூபாயோ ஆகும் இந்தக் கேபிள், புது ஹெட்செட் வாங்கியும் தீராத பிரச்சினையைத் தீர்த்துப் பார்த்திருக்கிறேன். நீலப் பிளாஸ்டிக் தெரியும் யூ.எஸ்.பி. 3 துளைகளுக்கு நடுவில் டாங்கிளைச் செருகுவது எல்லாவற்றிலும் மோசமான இடம்.

"பாட்டு சூப்பரா கேக்குது. கால் வந்தா மட்டும் கரகரன்னு உடையுது. ஏன்?"

பாட்டுக்கும் பேச்சுக்கும் ப்ளூடூத் வெவ்வேறு முறையில் வேலை செய்கிறது. பாட்டு கேட்கும்போது ஹெட்செட் முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளும், பல கருவிகளில் 100 முதல் 200 மில்லி விநாடி அளவுக்கு. ஒரு பொட்டலம் கெட்டால் அந்த இடைவெளிக்குள் பல முறை திரும்ப அனுப்பிவிடலாம். பேச்சில் அவ்வளவு தாமதம் வைத்தால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பேசிக்கொள்வார்கள். அதனால் குரல் பொட்டலத்துக்குக் குறித்த நேரம் உண்டு. அதற்குள் ஒன்றிரண்டு முறைதான் மறு முயற்சி. அதிலும் போகவில்லையென்றால் போனதுதான். அதனால்தான் பாட்டு தாக்குப்பிடிக்கும் இடத்தில் குரல் கரகரக்கிறது. இயர்பட்ஸ் செயலியில் 'கேமிங் மோட்' போட்டால் பாட்டுக்கும் இதே கதி வரும், சேர்த்துவைக்கும் அளவைக் குறைத்துத்தானே அந்த வேகம் கிடைக்கிறது.

மைக் திறந்ததுமே ஒலித்தரம் தொலைபேசி மாதிரி ஆகிவிடுவது இதிலிருந்து வேறு விஷயம், அதற்கு நெரிசல் காரணமில்லை. மீட்டிங்கில் இரண்டையும் ஒரே அடியில் தவிர்க்க, மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் பாட்டு முறையிலேயே இருக்கும், சேமிப்பு இடைவெளியும் கிடைக்கும். தாமதம் கொஞ்சம் கூடும், வழக்கமான மீட்டிங்குக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை.

"எல்டாக் இருக்குன்னு காசு கூடக் கொடுத்து வாங்கினேன். வீட்ல ஓகே, மெட்ரோ ஸ்டேஷன்ல ஒரே கட் கட். கருவி பழுதா?"

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறையைத்தான் கோடெக் என்கிறார்கள், எல்டாக் அதில் ஒன்று. கணக்கைப் பாருங்கள். எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்.பி.சி. கோடெக் நல்ல தரத்தில் விநாடிக்கு 328 கிலோபிட் கேட்கும். ப்ளூடூத்தின் நடுத்தர வேகத்தில் ஒரு பெரிய பொட்டலமும் அதற்கான பதிலும் சேர்ந்து 3.75 மில்லி விநாடி எடுத்து 679 பைட்டைக் கொண்டுபோகும். இதை வகுத்தால் எஸ்.பி.சி.க்குக் காற்று நேரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே போதும். மிச்ச நேரம் முழுவதும் மறு முயற்சிக்கு இருக்கிறது. எல்டாக் 990 கிலோபிட்டில் ஓடினால் மூன்றில் இரண்டு பங்கு நேரம் முதல் முயற்சிக்கே போய்விடும். சிக்னல் மிக நன்றாக இருந்து உச்ச வேகம் கிடைத்தால்கூடப் பாதிக்குச் சற்றுக் குறைவு. நெரிசலில் பொட்டலங்கள் பாதி கெட ஆரம்பித்தால் மறுபடி அனுப்ப நேரம் எங்கே?

ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்புகளில் `Bluetooth Audio LDAC Codec: Playback Quality` என்று இருக்கும். அதில் 990-ஐ நிலையாக வைக்காமல் `Best Effort (Adaptive Bit Rate)` தேர்ந்தெடுங்கள். வெளியே போகும்போது ஏ.ஏ.சி. அல்லது எஸ்.பி.சி.க்கு மாற்றிவிடுவது இன்னும் நிம்மதி. ரயில் இரைச்சலில் அந்தத் தர வித்தியாசம் காதுக்கு எட்டாது என்பது என் கருத்து.

"போனை இடது பாக்கெட்ல வச்சா நல்லா இருக்கு, வலதுல வச்சா திக்குது. இதுக்குமா வைஃபை காரணம்?"

இல்லை, இது உங்கள் உடம்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும், உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். திறந்த வெளியில் சுவர்கள் இல்லாததால் சிக்னல் எதிரொலித்து வேறு வழியாக வந்து சேர்வதும் கிடையாது. வீட்டுக்குள் நன்றாக இருந்தது மைதானத்தில் திக்குவது இதனால்தான். எந்தப் பக்கத்து இயர்பட் போனோடு நேரடியாகப் பேசுகிறதோ அந்தப் பக்கம் போனை வைத்துக்கொள்ளுங்கள்.

"புது ப்ளூடூத் 5.3 ஹெட்செட் வாங்கினா இதெல்லாம் போயிடுமா?"

எண் பெரிதானதால் மட்டும் போகாது. 5.3-உம் அதே 83.5 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் ஓடுகிறது. ஹெட்செட்டும் போனும் இரண்டுமே எல்.ஈ. ஆடியோ என்ற புதிய ஒலி முறையை ஆதரித்தால் கொஞ்சம் பயன் உண்டு. அதில் வரும் எல்.சி.3 கோடெக், குறைந்த கிலோபிட்டில் எஸ்.பி.சி.க்கு ஈடான தரம் தருவதால் காற்று நேரம் மிச்சமாகும். இரண்டில் ஒன்று ஆதரிக்காவிட்டாலும் பழைய முறையில்தான் ஓடும். பெட்டிமேல் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

"லினக்ஸ்ல `bt_coex_active=0` போடச் சொல்றாங்க. போடலாமா?"

இன்டெல் வைஃபை அட்டைக்கான அமைப்பு அது. கோப்பில் இப்படி எழுதச் சொல்வார்கள்:

```
options iwlwifi bt_coex_active=0
```

மேலே சொன்ன நடுவர் வேலையையே இது நிறுத்திவிடுகிறது. வைஃபை இனி ப்ளூடூத்துக்காகக் காத்திருக்காது. இதைப் போட்டதும் வைஃபை வேகம் கூடுவதைப் பார்த்துச் சிலர் சரியாகிவிட்டது என்று எழுதுகிறார்கள். 2.4-இல் இருந்துகொண்டு இதைப் போட்டால் ஹெட்செட்டின் நிலை முன்பைவிட மோசமாவதற்கே வாய்ப்பு அதிகம். வைஃபை 5-இல் இருந்தால் நடுவருக்கே பெரிய வேலை இல்லை, ஆகவே நிறுத்தியும் லாபமில்லை. ஏற்கெனவே போட்டிருந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு, கணினியை மறுபடி தொடங்கி, `iw dev` அடித்து எந்தச் சேனலில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.